கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, டேலி கணக்கைத் திரும்ப எடுப்பது எப்படி: அறிகுறி வாரியாக

இது டேலி பிரைம், டேலி ஈஆர்பி 9 இரண்டில் ஒன்றை வைத்துக் கணக்குப் போடும் சின்னக் கடைகளுக்கானது. பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது, புதியது வந்துவிட்டது அல்லது பழையதையே சரி செய்து கொடுத்திருக்கிறார்கள், கையில் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. இந்த நிலையில் என்னென்ன தகராறு வரும், எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் இந்த முன்பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

கடையில் "பேக்கப்" என்று சொல்லப்படுவது இரண்டு வேறு பொருள்கள். ஒன்று, டேலிக்குள் இருந்து எடுத்த பேக்கப் பைல். ஈஆர்பி 9-இலும் பிரைமின் தொடக்கப் பதிப்புகளிலும் அதன் பெயர் `TBK900.001`. இதை டேலியின் ரீஸ்டோர் வழியாகத்தான் திறக்க முடியும். இன்னொன்று, யாரோ டேட்டா ஃபோல்டரையே அப்படியே காப்பி செய்து வைத்தது. அதன் பெயர் `10000`, `10001` போல வெறும் எண்ணாக இருக்கும். உள்ளே `Company.900`, `Manager.900`, `TranMgr.900` என்று நிறைய பைல்கள் இருக்கும். பிரைம் 3.0 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் `.900`-க்குப் பதில் `.1800`. இதற்கு ரீஸ்டோரே தேவையில்லை. டேட்டா ஃபோல்டருக்குள் வைத்துத் திறந்தால் போதும்.

அடுத்தது, நான் யாரிடமும் முதலில் சொல்வது. பேக்கப்பைத் தேடுவதற்கு முன் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடுங்கள். பேக்கப் எடுத்த நாளோடு பேக்கப் நின்றுவிடும். பழைய டிஸ்க்கில் இருக்கும் ஃபோல்டரோ கடைசியாகப் போட்ட பில் வரை இருக்க வாய்ப்புண்டு. கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்பதற்கும் டிஸ்க்கில் இருப்பது அழிந்துவிட்டது என்பதற்கும் தொடர்பில்லாத நேரங்கள்தான் அதிகம்.

## அறிகுறி 1: கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை, அல்லது விண்டோஸ் வரவில்லை

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் ஒரு சீட்டில் பெரிதாக எழுதி சிபியூ மேல் ஒட்டுங்கள்: "ஃபார்மேட் செய்ய வேண்டாம், டேலி டேட்டா இருக்கிறது." வாயால் சொன்னால் பத்தாது. கவுன்ட்டரில் வாங்கி வைப்பவர் ஒருவர், வேலை பார்ப்பவர் இன்னொருவர். "டி டிரைவ்ல எதையும் தொடலைங்க, சி மட்டும்தான் ஃபார்மேட் பண்ணினேன்" என்று அவர் நல்ல மனதோடு சொல்வார். டேலி பிரைமின் டேட்டா வழக்கமாக இருப்பது `C:\Users\Public\TallyPrime\data`. அதாவது சி-யில்தான்.

காரணங்களை எளியதிலிருந்து பார்ப்போம்.

விசிறியே சுற்றவில்லை, விளக்கே எரியவில்லை என்றால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி, போயிருக்கும். விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் ரேம் அல்லது போர்டு. இந்த இரண்டிலும் பெரும்பாலும் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி வழியாக மாட்டும் சாட்டா கேபிள் அல்லது டிஸ்க் கேஸில் போட்டு, வேறு கம்ப்யூட்டரில் செருகினால் ஃபோல்டர் தெரியும். சர்வீஸ் கடை எதிலும் இந்தக் கேபிள் இருக்கும்.

கம்பெனி லோகோ வருகிறது, விண்டோஸ் வருவதற்குள் நீலத் திரை வந்து நிற்கிறது, அல்லது ரிப்பேர் செய்கிறேன் என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. விண்டோஸ் பைல்கள் கெட்டிருக்கலாம், டிஸ்க்கும் கெடத் தொடங்கியிருக்கலாம். இங்கேயும் முதல் வேலை டிஸ்க்கை வெளியே எடுத்துக் காப்பி செய்வது. விண்டோஸ் போடுவது அதற்குப் பிறகுதான்.

வேறு கம்ப்யூட்டரில் செருகியதும் டிரைவ் பூட்டுப் படத்தோடு வந்து 48 இலக்க எண் கேட்டால், அது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் வசதி. புதிய லேப்டாப்புகளில் யாரும் கேட்காமலே இது போடப்பட்டிருக்கும். அந்தக் கம்ப்யூட்டரை முதலில் தொடங்கியபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் `aka.ms/myrecoverykey` என்ற முகவரியில் எண் கிடைக்கும். எந்த மெயில் ஐடி என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. பெரும்பாலும் முதலாளியின் மகனோ, கம்ப்யூட்டர் விற்றவரோ போட்டதாக இருக்கும்.

ஏற்கெனவே விண்டோஸை மறுபடி போட்டுவிட்டார்கள் என்றால், `C:\Windows.old` என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். ஃபார்மேட் செய்யாமல் மேலேயே போட்டிருந்தால் பழையது இதற்குள் ஒதுங்கியிருக்கும். `C:\Windows.old\Users\Public\TallyPrime\data` வரை போய்ப் பாருங்கள். விண்டோஸ் இந்த ஃபோல்டரைச் சில நாட்களில், அப்டேட் வழியாக வந்ததென்றால் 10 நாளில், தானே அழித்துவிடும். அதனால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம்.

எப்போது நிறுத்திவிட வேண்டும்: டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறது, அல்லது செருகினால் டிரைவ் தெரிந்து தெரிந்து மறைகிறது என்றால் உடனே கழற்றிவிடுங்கள். ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் சேதம் கூடும். இது டேட்டா ரெக்கவரி செய்பவரின் வேலை, சாதா சர்வீஸ் கடையின் வேலை அல்ல. ஆயிரக்கணக்கில் செலவாகும். ஃபார்மேட் ஆன ஹார்ட் டிஸ்க் என்றாலும் அவரிடம்தான் போக வேண்டும், அதுவரை அதில் எதையும் புதிதாக எழுதக் கூடாது. எஸ்எஸ்டி ஃபார்மேட் ஆகிவிட்டது என்றால் நம்பிக்கை மிகக் குறைவு. அழித்த இடத்தை அது தானே காலி செய்துவிடும். பைல் பெயர்களின் கடைசியில் அறியாத எழுத்துகள் சேர்ந்து, பணம் கேட்டு ஒரு குறிப்பும் இருந்தால் அது ரான்சம்வேர். நல்ல பென்டிரைவை அதில் செருகாதீர்கள்.

## அறிகுறி 2: பேக்கப் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை

பென்டிரைவ், வெளி டிஸ்க், டி டிரைவ், ஆடிட்டருக்கு அனுப்பிய மெயில், இந்த வரிசையில் பாருங்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பது மார்ச் முடிவு வரைக்குமானதாக இருக்கலாம். அதுவும் ஒன்றும் இல்லாததற்கு மேல். ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடுவதைவிட, கமாண்ட் பிராம்ப்டில் இதைக் கொடுப்பது வேகம். டி-க்குப் பதில் உங்கள் டிரைவ் எழுத்தைப் போடுங்கள்.

```
dir /s D:\TBK*
dir /s D:\*.001
dir /s D:\Company.*
```

முதல் இரண்டும் பேக்கப் பைலைக் காட்டும், மூன்றாவது டேட்டா ஃபோல்டரைக் காட்டும். கூடவே தேதியும் அளவும் வரும். ஒன்றுக்கு மேல் கிடைத்தால் தேதி பிந்தியது, அளவும் சரியாக இருப்பது எதுவோ அதை எடுங்கள். பிந்தியது 0 அல்லது சில கேபி மட்டும் இருந்தால் அது பேக்கப் எடுக்கும்போதே பாதியில் நின்றது. முந்தியதற்குப் போங்கள்.

## ரீஸ்டோர் செய்யும் முறை, தகராறு இல்லாதபோது

பேக்கப் பைலைப் பென்டிரைவிலிருந்து `D:\BackupCopy` போன்ற ஃபோல்டருக்கு முதலில் காப்பி செய்யுங்கள். `D:\TallyRestore` என்று இன்னொரு காலி ஃபோல்டரும் உருவாக்குங்கள். பிரைமில் Alt+Y அழுத்தி Restore. ஈஆர்பி 9 என்றால் Alt+F3, பிறகு Restore. எங்கே போக வேண்டும் என்ற இடத்தில் காலி ஃபோல்டர், எங்கிருந்து என்ற இடத்தில் பேக்கப் பைல் இருக்கும் ஃபோல்டர். கம்பெனிப் பெயர் வரும், தேர்ந்தெடுத்து ஒத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

காலி ஃபோல்டர் எதற்கு என்றால், ரீஸ்டோர் போகும் இடத்தில் அதே எண்ணில் கம்பெனி இருந்தால் பழையது அதன் மேல் எழுதப்படும். டேலி ஒரு கேள்வி கேட்கும். அவசரத்தில் கை தானாக Y அழுத்திவிடும். நேற்று வரை இருந்த கணக்கின் மேல் போன மாதக் கணக்கு உட்கார்ந்துவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. நான் பார்த்த இழப்புகளில் கம்ப்யூட்டரால் ஆனதைவிட இந்த Y-யால் ஆனது அதிகம்.

## அறிகுறி 3: ரீஸ்டோர் திரையில் கம்பெனிப் பெயரே வரவில்லை

முதலில், கொடுத்த பாதை சரியா என்று பாருங்கள். பேக்கப் பைல் ஒரு ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டரில் இருக்கும், நீங்கள் வெளியே நின்றுகொண்டிருப்பீர்கள். பைல் இருக்கும் ஃபோல்டர் வரைக்கும் பாதை போக வேண்டும்.

இரண்டாவது, பெயர் மாறியிருக்கலாம். மெயிலிலிருந்தோ கூகுள் டிரைவிலிருந்தோ இரண்டாம் முறை இறக்கும்போது `TBK900 (1).001` என்று ஆகிவிடும். அதைத் தனி ஃபோல்டரில் போட்டு `TBK900.001` என்று பழையபடி மாற்றுங்கள். ஜிப்பாக வந்திருந்தால் விரித்த பிறகுதான் டேலிக்குத் தெரியும்.

மூன்றாவது, பென்டிரைவில் இருப்பது பேக்கப் பைலே அல்ல, `10000` என்ற ஃபோல்டர். அப்படியானால் ரீஸ்டோரை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை `D:\TallyRestore`-க்குள் காப்பி செய்து அறிகுறி 5-க்குப் போங்கள்.

கடைசியாக, பேக்கப் எடுத்த டேலி புதியது, இப்போது போட்டிருப்பது பழையது. புதிய பதிப்பின் பேக்கப்பைப் பழைய பதிப்பு படிக்காது. பழைய கம்ப்யூட்டரில் இருந்த பதிப்பையோ அதற்கு மேற்பட்டதையோ போட வேண்டும். எதைப் போடலாம் என்பது லைசன்ஸையும் பொறுத்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

## அறிகுறி 4: ரீஸ்டோர் தொடங்கி, பாதியில் பிழை காட்டி நிற்கிறது

பென்டிரைவிலிருந்து நேராகச் செய்கிறீர்கள் என்றால் அதை விட்டு, உள் டிஸ்க்குக்குக் காப்பி செய்து மறுபடி முயலுங்கள். காப்பி செய்யும்போதே விண்டோஸ் பிழை காட்டினால் கெட்டது பென்டிரைவ். அதை வேறு கம்ப்யூட்டரில், வேறு யூஎஸ்பி ஓட்டையில் செருகிப் பாருங்கள். வியப்பாக இருக்கும், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

காப்பி சுத்தமாக ஆகிறது, ரீஸ்டோர்தான் நிற்கிறது என்றால், போகும் இடம் `C:\Program Files` போன்ற பூட்டிய இடமா என்று பாருங்கள். டேலியை மூடி, அதன் படத்தின் மேல் வலது கிளிக் செய்து Run as administrator கொடுத்துத் திறங்கள். ஆன்டிவைரஸ் தடுக்கிறதா என்றும் பாருங்கள். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்பதைச் சொல்லவே தேவையில்லை, ஆனாலும் பாருங்கள்.

இவ்வளவும் செய்து இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒரே இடத்தில் நின்றால் பேக்கப் பைலே கெட்டது. பேக்கப் ஓடும்போது பென்டிரைவைப் பிடுங்கியதன் விளைவு இது. இதற்குள் இருப்பதை நாமாகப் பிரித்து எடுக்க முடியாது. முந்தைய பேக்கப்பைத் தேடுங்கள், பழைய டிஸ்க்குக்குத் திரும்புங்கள், அதுவும் இல்லை என்றால் டேலியை விற்று சர்வீஸ் செய்யும் டேலி பார்ட்னரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 5: ரீஸ்டோர் முடிந்தது, ஆனால் கம்பெனி பட்டியலில் இல்லை

இது பிழையே அல்ல, ஆனால் போன் வருவது இதற்குத்தான் அதிகம். டேலி இன்னும் தன் வழக்கமான டேட்டா ஃபோல்டரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் ரீஸ்டோர் செய்தது `D:\TallyRestore`-இல். கம்பெனி தேர்ந்தெடுக்கும் திரையில் Specify Path கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள்.

காட்டும்போது ஒரு படி அதிகமாக இறங்கிவிடக் கூடாது. `D:\TallyRestore` என்று நிற்க வேண்டும், `D:\TallyRestore\10000` என்று போனால் பட்டியல் காலியாக இருக்கும். எண் ஃபோல்டருக்கு வெளியே நிற்பது, இதுதான் விதி.

பட்டியலில் பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறிகளாக வந்தால் கம்பெனிக்கு டேலி வால்ட் பாஸ்வேர்ட் போட்டிருக்கிறார்கள். தினமும் உள்ளே நுழையக் கொடுக்கும் யூசர் பாஸ்வேர்ட் வேறு, இது வேறு. இது டேட்டாவையே பூட்டிவிடும், மறந்தால் திறக்க யாருக்கும் வழி கிடையாது. திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போக வேண்டாம். முன்பு வேலை பார்த்த கணக்குப்பிள்ளைக்கு ஒரு போன் செய்வதுதான் ஒரே மருந்து.

## அறிகுறி 6: கம்பெனி தெரிகிறது, திறந்தால் பிழை வருகிறது

இது பெரும்பாலும் பழைய டிஸ்க்கிலிருந்து எடுத்த ஃபோல்டரில் வரும். பில் போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதால் எழுதிக்கொண்டிருந்த பைல் பாதியில் நின்றிருக்கும். எதைச் செய்வதற்கு முன்னும் அந்த எண் ஃபோல்டரை இன்னொரு இடத்தில் காப்பி செய்து அதைத் தொடாமல் வையுங்கள். எல்லாச் சோதனையும் இரண்டாவது காப்பியில்தான்.

முதலில் டேலியை எல்லாக் கம்ப்யூட்டரிலும் மூடிவிட்டு, எண் ஃபோல்டருக்குள் `.TSF` என்று முடியும் பைல்களை மட்டும் அழியுங்கள். யார் திறந்திருக்கிறார்கள், என்ன நிலையில் இருக்கிறது என்ற தற்காலிகக் குறிப்புகள் அவை. டேலி தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். `.900`, `.1800` பைல்கள் பக்கம் கை போகக் கூடாது.

அது போதாவிட்டால் ரிப்பேர். பிரைமில் Alt+Y, பிறகு Repair. ஈஆர்பி 9-இல் Ctrl+Alt+R, அங்கே இதற்கு ரீரைட் என்று பெயர். படிக்க முடியாத என்ட்ரிகள் இதில் விடுபட்டுப் போகலாம். அதனால் ரிப்பேர் முடிந்ததும் கணக்கு வந்துவிட்டது என்று நிம்மதியடைய வேண்டாம். அடுத்த தலைப்பில் சொல்லும் சரிபார்ப்பைச் செய்யுங்கள்.

திறக்கும்போது பிழை இல்லாமல் மைக்ரேட் செய்யவா என்று கேட்டால், பழைய பதிப்பின் டேட்டாவைப் பிரைம் 3.0 அல்லது அதற்குப் பிந்தியதில் திறக்கிறீர்கள் என்று பொருள். மைக்ரேட் ஆன டேட்டா பழைய டேலியில் திறக்காது. ஒரு காப்பி தனியாக இருக்கிறது என்றால் மட்டும் சரி என்று கொடுங்கள்.

ரிப்பேர் இரண்டு முறை ஓட்டியும் திறக்கவில்லை என்றால் பார்ட்னரிடம் கொடுங்கள். தொடாமல் வைத்த முதல் காப்பியைக் கொடுங்கள், நீங்கள் ரிப்பேர் செய்து பார்த்ததை அல்ல.

## அறிகுறி 7: கணக்கு திறக்கிறது, ஆனால் கடைசி நாட்களின் பில்களைக் காணோம்

எளியது முதலில். திரையில் இருக்கும் காலம் பழையதாக இருக்கலாம். Alt+F2 அழுத்தி இந்த ஆண்டு முழுவதையும் கொடுங்கள். அடுத்து, ஆண்டு வாரியாகப் பிரித்த கம்பெனிகள் இருந்தால் ஒரே பெயரில் 10000, 10001 என்று இரண்டு இருக்கும். நீங்கள் திறந்தது போன ஆண்டுடையதாக இருக்கலாம். முகப்புத் திரையில் கம்பெனிப் பெயருக்கு நேராகக் கடைசி என்ட்ரியின் தேதி வரும். அதைப் பார்த்தால் எந்தக் காப்பி எது வரைக்கும் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அந்தத் தேதியே பழையது என்றால் பேக்கப் அவ்வளவுதான். இனிமேல்தான் கவனமாக இருக்க வேண்டிய இடம். ஒரு எலெக்ட்ரிக்கல் சாமான் கடையில் நடந்ததை அப்படியே சொல்கிறேன், இதில் வர வேண்டிய சிக்கல் எல்லாம் வந்துவிட்டது.

செப்டம்பர் 17-ஆம் தேதி மாலை கரண்ட் போய் வந்தபோது கம்ப்யூட்டர் வரவில்லை. சர்வீஸ்காரர் புது எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் ஏற்றி, டேலியும் போட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கவரில் வைத்துக் கையில் கொடுத்துவிட்டார். பென்டிரைவில் இருந்த பேக்கப் செப்டம்பர் 3-ஆம் தேதியுடையது, அதில் கடைசி பில் 1184. கடைக்காரர் ரீஸ்டோர் செய்துவிட்டு, வாடிக்கையாளர் காத்திருக்கிறார்களே என்று மறுநாள் காலை பில் போடத் தொடங்கிவிட்டார். டேலி 1185 என்று எண் கொடுத்தது. மதியத்துக்குள் 1192 வரை எட்டு பில். கடையின் கார்பன் காப்பிக் கட்டைப் புரட்டினால் 17-ஆம் தேதி கடைசி பில் 1263. ஆக, 1185 முதல் 1192 வரை ஒவ்வொரு எண்ணும் இரண்டு வாடிக்கையாளர்களிடம் இருந்தது. ஜிஎஸ்டி விதி 46-இன்படி ஒரு நிதியாண்டில் பில் எண் திரும்ப வரக் கூடாது.

முதலில் பில் போடுவதை நிறுத்தினோம். நிறுத்தினால் கடை ஓட வேண்டுமே, அதற்கு வேறு வழி இருக்கிறது. Create, Voucher Type போய், விற்பனைக்குக் கீழே இன்னொரு வகை உருவாக்கி, எண்ணுக்கு முன்னால் `B/` வரும்படி வைத்தால் பில் `B/1`-இல் தொடங்கும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ள அதே விதி இடம் தருகிறது. முன்னெழுத்தையும் சேர்த்து எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரீஸ்டோர் செய்ததும் முதல் பில்லுக்கு முன்பே இதைச் செய்திருந்தால் இந்த எட்டு பில் பிரச்சினையே வந்திருக்காது.

அடுத்து கவரில் இருந்த பழைய டிஸ்க். யூஎஸ்பி கேபிளில் மாட்டியதும் டிரைவ் தெரிந்தது. `Users\Public` வழியாகப் போனால் `10000` ஃபோல்டர் அப்படியே இருந்தது, உள்ளே பைல்களின் தேதி செப்டம்பர் 17. இரண்டு இடத்தில் காப்பி செய்து, ஒன்றைத் திறந்தால் பிழை. `.TSF` பைல்களை அழித்தும் திறக்கவில்லை. ரிப்பேர் ஓட்டியதும் திறந்தது. கடைசி பில் 1261. கட்டில் இருந்ததோடு ஒப்பிட்டால் குறைவது இரண்டே பில். பேக்கப்பை மட்டும் நம்பியிருந்தால் 79 பில்லையும், அந்த நாட்களின் கொள்முதல், வரவு, செலவு அத்தனையையும் உட்கார்ந்து அடித்திருக்க வேண்டும்.

1262, 1263 இரண்டையும் கட்டைப் பார்த்துப் போட்டோம். மதியம் வரை தவறான எண்ணில் போன எட்டு பில்லையும் இந்தக் காப்பியில் 1264 முதல் 1271 வரை பதிந்தோம். அவற்றில் இரண்டு ஜிஎஸ்டி எண் உள்ள கடைகளுக்குப் போனவை. அவர்களுக்குப் போன் செய்து பழைய பில்லை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தார்கள். மற்ற ஆறும் கவுன்ட்டர் பில், அதை என்ன செய்வது என்று ஆடிட்டரிடம் கேட்டுக் குறிப்பு எழுதி வைத்தார்கள். செப்டம்பர் 3-ஆம் தேதிக் காப்பியை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டோம். ஒரே பெயரில் இரண்டு கம்பெனி பட்டியலில் நின்றால் யாராவது ஒருவர் தவறானதில் பில் போட்டே தீருவார்.

பழைய டிஸ்க் கிடைக்கவே இல்லை, கையால்தான் அடிக்க வேண்டும் என்றால் விற்பனையைக் காப்பிக் கட்டிலிருந்து எண் வரிசையிலேயே போடுங்கள். எண் தானாக வருவதால் வரிசை மாறினால் பில் எண் மாறிவிடும். நடுவில் ரத்தான பில் இருந்தால் அதை விட்டுத் தாண்டாதீர்கள். அதையும் ஒரு பில்லாகப் போட்டு, Alt+X அழுத்தி ரத்து செய்யுங்கள், அந்த எண் அங்கேயே நிற்கும். கட்டும் இல்லாத கடைகளில், பிடிஎஃப்பாக அனுப்பிய பில்கள் வாட்ஸ்ஆப்பில் இருக்கும். இ-வே பில் போட்டவை அந்தத் தளத்திலேயே கிடைக்கும். பண வரவுக்கு வங்கி ஸ்டேட்மென்ட்டும் யுபிஐ பட்டியலும் உண்டு. கொள்முதலுக்கு சப்ளையர் பில்தான் முதல் ஆதாரம். ஜிஎஸ்டிஆர்-2பி அடுத்த மாதம் 14-ஆம் தேதிதான் வரும். அதை விடுபட்டது இருக்கிறதா என்று சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கணக்கு தாக்கல் செய்பவர்கள் ஜிஎஸ்டிஆர்-1-ஐ 11-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் விற்பனையை முதலில் முடிப்பது நல்லது.

எந்த வழியில் வந்த காப்பியாக இருந்தாலும் மூன்றைப் பாருங்கள். கடைசி பில் எண் கட்டோடு ஒத்துப்போகிறதா? ஏற்கெனவே தாக்கல் செய்த போன மாத ஜிஎஸ்டிஆர்-1 தொகையும் இங்கே அதே மாத விற்பனையும் ஒன்றா? வங்கி லெட்ஜரின் இருப்பு ஸ்டேட்மென்ட்டோடு, இன்னும் மாறாத செக் போக, பொருந்துகிறதா? ரிப்பேரில் என்ட்ரி விடுபட்டிருந்தால் இந்த மூன்றில் ஒன்றில் மாட்டிக்கொள்ளும். போன மாதத் தொகையே பொருந்தவில்லை என்றால் அதில் பில் போடாமல் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி 8: 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி ஏற்கிறது

டேட்டாவில் கோளாறு இல்லை. லைசன்ஸ் இல்லாமல் எஜுகேஷனல் மோடில் ஓடுகிறது. லைசன்ஸ் பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டது, புதியதில் ரீஆக்டிவேட் செய்ய வேண்டும். சீரியல் எண்ணும், லைசன்ஸ் வாங்கும்போது கொடுத்த மெயில் ஐடியும் வேண்டும். அன்லாக் கீ அந்த மெயிலுக்குத்தான் வரும். அந்த மெயில் யாருடையது என்று தெரியவில்லை என்றால் பார்ட்னரைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

சீரியல் எண் கொடுத்தும் இந்தப் பதிப்புக்கு லைசன்ஸ் செல்லாது என்று வந்தால், டிஎஸ்எஸ் என்ற டேலி அப்டேட் சந்தா முடிந்த பிறகு வெளியான பதிப்பைச் சர்வீஸ்காரர் இறக்கிப் போட்டிருக்கிறார். இரண்டு வழிதான்: சந்தாவைப் புதுப்பிப்பது, அல்லது பழைய கம்ப்யூட்டரில் இருந்த பதிப்பைப் போடுவது. இதை முடிவு செய்யும் வரை மைக்ரேட் கேள்விக்குச் சரி சொல்லாதீர்கள். புதியதில் மைக்ரேட் செய்துவிட்டு, அப்புறம் பழைய பதிப்புக்குப் போக நேர்ந்தால் அந்தக் காப்பி திறக்காது.

## அறிகுறி 9: கணக்கு சரி, பில் பிரின்ட் மட்டும் வேறு மாதிரி வருகிறது

கடைக்கென்று செய்துகொண்ட பில் வடிவம் கம்பெனி பேக்கப்பில் வராது. அது தனி பைல், பெரும்பாலும் `.tcp` என்று முடியும். பழைய டிஸ்க் கிடைத்தால் டேலி ஃபோல்டரில் தேடி எடுத்து, பிரைமில் F1 அழுத்தி TDLs & Add-Ons போய், F4-இல் அதன் பாதையைக் கொடுங்கள். சில பைல்கள் லைசன்ஸின் சீரியல் எண்ணோடு பிணைத்துக் கொடுக்கப்பட்டிருக்கும். ரீஆக்டிவேட் ஆகும் வரை அவை வேலை செய்யாது. பைல் கிடைக்கவே இல்லை என்றால், செய்து கொடுத்தவரிடம் ஒரு காப்பி இருக்கும். மறுபடி செய்யக் காசு கொடுக்கும் முன் அதைக் கேளுங்கள். அதுவரை டேலியின் சாதா பில்லிலேயே கடையை ஓட்டலாம். ஜிஎஸ்டி எண்ணும் ஹெச்எஸ்என்னும் அதில் வருகிறதா என்று மட்டும் ஒரு பிரின்ட் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.